வீங்கிய விரலில் மோதிரம் மாட்டிக்கொண்டால் செய்யக்கூடாதவை

அவசரப் பிரிவில் செவிலியராக இருந்தபோது, ஒரு மாலை நேரத்தில் அறுபது வயதை ஒட்டிய அம்மா ஒருவர் இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்தபடி வந்தார். காலையில் பரண் மேல் இருந்த பாத்திரத்தை எடுக்கும்போது புறங்கையில் குளவி கொட்டியிருக்கிறது. சுண்ணாம்பு தடவிவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார். மதியத்துக்குள் கை புசுபுசுவென்று வீங்கிவிட்டது. கல்யாண மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. மகனும் மருமகளும் சோப்பு போட்டு, எண்ணெய் போட்டு, மாற்றி மாற்றி அரை மணி நேரம் இழுத்திருக்கிறார்கள். குளவி கொட்டிய இடத்தைவிட, இழுத்த விரலின் நடுக்கணுதான் சிவந்து உருண்டையாகப் புடைத்திருந்தது.

முதல் தவறு காலையிலேயே நடந்துவிட்டது. கையில் எதுவும் கொட்டினாலோ, கடித்தாலோ, சுட்டுக்கொண்டாலோ, அடிபட்டாலோ முதல் வேலை மோதிரத்தைக் கழற்றுவதுதான். வீக்கம் வர நேரம் எடுக்கும். வரும் முன் மோதிரம் தானாக வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பாம்புக் கடியில் இது இன்னும் முக்கியம். மோதிரம், வளையல், காப்பு எல்லாவற்றையும் உடனே கழற்றிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

இரண்டாவது தவறு, இழுப்பது. சாதாரணமாக மோதிரம் விரலடியில் ஓரளவு தளர்வாகத்தான் இருக்கும். அதைத் தடுப்பது நடுக்கணு. அங்கே எலும்பும் அகலம், மேல்தோலும் சுருக்கம் சுருக்கமாக இருக்கும். நேராக இழுத்தால் அந்தச் சுருக்கம் எல்லாம் மோதிரத்துக்கு முன்னால் மடிப்பாகக் குவிந்து அணைபோல நின்றுவிடும். மேலும் இழுத்தால் கணுவின் தோல் உரசி இன்னும் வீங்கும். பத்து நிமிடம் முன்பு வந்திருக்கக்கூடிய மோதிரம் இப்போது வராது. விரலில் இறுக்கமாகக் கிடக்கும் மோதிரம் சுருக்குக் கயிறு மாதிரி வேலை செய்யும். உள்ளே போகும் ரத்தத்தைவிட வெளியே திரும்பும் ரத்தத்தைத்தான் அது முதலில் மறிக்கும். அதனால் நேரம் ஆக ஆக வீக்கம் தானாகவே கூடும்.

அதனால் முதலில் வீக்கத்தை இறக்க வேண்டும். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்து, ஐந்து பத்து நிமிடம் அப்படியே உட்காருங்கள். விரலைக் குளிர்ந்த தண்ணீரில் சில நிமிடம் வையுங்கள். வெந்நீர் வேண்டாம், அது வீக்கத்தைக் கூட்டும். ஐஸ் கட்டியை நேராகத் தோலில் வைக்காமல் துணியில் சுற்றி வையுங்கள்.

அப்புறம் வழுக்க வைக்கும் பொருள். தேங்காய் எண்ணெய், பாத்திரம் கழுவும் திரவம், வாசலின் எதுவானாலும் சரி. மோதிரத்துக்கு வெளியே மட்டும் பூசினால் போதாது, அதன் அடியிலும் இறங்க வேண்டும். விரலை விறைப்பாக நீட்டாமல் லேசாக மடக்கினால் கணுவின் மேல்தோல் மடிப்பில்லாமல் இருக்கும். இப்போது மோதிரத்தை இழுக்காமல், திருகு மூடியைத் திருப்புவது போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் திருப்பிக்கொண்டே நகர்த்துங்கள். கூட ஒருவர் இருந்தால், மோதிரத்தின் முன்னால் குவியும் தோலை அவர் மோதிரத்துக்கு அடியில் உள்ளங்கைப் பக்கம் தள்ளிவிடட்டும். இரண்டு முறை முயன்றும் வராவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது நூல் முறை. இதற்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் நூல் வேண்டும். பூக்கட்டும் நூல் போலக் கொஞ்சம் தடிமனாக இருந்தால் நல்லது, தையல் நூல் தோலை அறுத்துவிடும். எண்ணெய் பூசிய விரலில் நூல் நிற்காது, முதலில் துடைத்துவிடுங்கள். நூலின் ஒரு முனையை, நகத்தின் பக்கமிருந்து உள்ளங்கைப் பக்கமாக மோதிரத்தின் அடியில் நுழைக்க வேண்டும். சதை மெத்தென்று இருக்கும் விரலின் உட்புறத்தில் நுழைப்பது சுலபம். ஹேர்பின்னின் வளைந்த மழுங்கிய முனையால் தள்ளலாம். ஊசியோ கத்தரிக்கோல் நுனியோ கூடாது.

உள்ளங்கைப் பக்கம் வந்த முனையை நாலைந்து விரற்கடை விட்டு வையுங்கள். மீதி நூலை மோதிரத்தை ஒட்டிய இடத்திலிருந்தே தொடங்கி, நகத்தை நோக்கி, சுற்றோடு சுற்று ஒட்டி, நடுக்கணுவைத் தாண்டும் வரை சுற்றுங்கள். பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். அவசரத்தில் இடைவெளி விட்டுச் சுற்றுவார்கள். அந்த இடைவெளி வழியாகச் சதை பிதுங்கி நிற்கும், மோதிரம் அங்கே முட்டி நின்றுவிடும். பம்பரத்துக்குச் சாட்டை சுற்றுவது போல நெருக்கமாக இருக்க வேண்டும். சதை அமுங்கும் அளவு இறுக்கம் போதும்.

இனி சுற்றிய நூலின் மேல் சிறிது எண்ணெய் தடவுங்கள். வெளி முனையை ஒருவர் பிடித்துக்கொள்ள, உள்ளங்கைப் பக்கம் விட்டுவைத்த முனையை நகத்தின் பக்கம் சாய்த்து, சுற்றிய அதே திசையில் விரலைச் சுற்றிப் பிரித்துக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு சுற்று பிரியும்போதும் மோதிரம் ஒரு நூல் அளவு நகரும். பாதியில் நின்றால், நின்ற இடத்திலிருந்து மறுபடி சுற்றிப் பிரிக்கலாம். நூல் சுற்றிய விரலில் ரத்த ஓட்டம் நின்றிருக்கும் என்பதால் சில நிமிடத்துக்கு மேல் விட்டு வைக்கக்கூடாது. வலி தாங்க முடியாமல் போனால் உடனே அவிழ்த்துவிடுங்கள்.

அந்த அம்மாவுக்குக் கையைத் தூக்கி வைத்துக் குளிர்ந்த தண்ணீர் ஒத்தடம் கொடுத்தபின், நூல் சுற்றி இரண்டாவது தடவையில் மோதிரம் கணுவைத் தாண்டியது. அவருக்கு அதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம் இருக்கிறது. விரலில் வெட்டுக்காயம் இல்லை, எலும்பில் அடி இல்லை, விரல் நுனியின் நிறமும் மாறவில்லை. நகத்தை அமுக்கி விட்டால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் திரும்பச் சிவந்தது. இந்தச் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். மற்ற கை விரலையும் அமுக்கி ஒப்பிட்டுப் பாருங்கள்.

நிறம் திரும்ப நேரமானாலோ, விரல் நீலமாகவோ கருத்தோ வெளிறியோ போனாலோ, சில்லென்று இருந்தாலோ, மரத்துப்போனாலோ நூல், எண்ணெய் எதையும் முயலாமல் உடனே கிளம்புங்கள். காயம், சீழ், கோணலாகிப்போன விரல், தோலைக் கிழித்துப் புதைந்த மோதிரம் ஆகியவற்றுக்கும் இதேதான். சர்க்கரை நோயால் விரலில் உணர்ச்சி குறைந்தவர்கள் வலி இல்லையே என்று இருந்துவிடக்கூடாது. கர்ப்பிணிக்குத் திடீரென்று கையும் முகமும் வீங்கி, தலைவலியோ பார்வை மங்கலோ இருந்தால் அது மோதிரப் பிரச்சினை மட்டும் அல்ல. ரத்த அழுத்தத்தை அன்றைக்கே பார்த்தாக வேண்டும். குளவி கொட்டியபின் மூச்சு திணறினாலோ உதடு, நாக்கு வீங்கினாலோ மோதிரத்தை மறந்துவிட்டு 108-ஐ அழையுங்கள்.

பலர் தாமதிப்பதற்குக் காரணம், “வெட்டிவிடுவார்களே” என்ற பயம். மோதிரம் வெட்டும் கருவியில் விரலுக்கும் உலோகத்துக்கும் நடுவே நுழையும் மெல்லிய தகடு ஒன்று இருக்கும், அறுக்கும் சக்கரம் தோலைத் தொடாமல் அது காக்கும். தங்கமும் வெள்ளியும் மென்மையானவை, சீக்கிரம் அறுபடும். வெட்டிய மோதிரத்தைப் பத்தர் பொடி வைத்து ஊதி ஒட்டித் தந்துவிடுவார். டங்ஸ்டன் கார்பைடு மோதிரம் இப்படி அறுபடாது, நெருக்கி உடைக்க வேண்டும். என்ன உலோகம் என்று தெரிந்தால் போனதும் சொல்லிவிடுங்கள். வீட்டில் ஆக்சா பிளேடையோ கட்டிங் பிளேயரையோ எடுத்து முயல வேண்டாம், வழுக்கினால் நரம்பு போய்விடும்.

மோதிரம் வந்தபின் விரலில் ஆழமான தடம் இருக்கும், அது மெல்ல மறையும். நிறமும் உணர்ச்சியும் சிறிது நேரத்தில் திரும்ப வேண்டும், மரமரப்பு அப்படியே நின்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த அம்மா அங்கேயே வேறு விரலில் மாட்டிக்கொள்ளப் பார்த்தார். வாங்கி மகனின் சட்டைப்பையில் போட்டு, வீக்கம் முழுவதும் வடியும் வரை கொடுக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.