முதல் குளிர்கால ஜாக்கெட்: வண்ணாரப்பேட்டையிலிருந்து டொரண்டோவுக்கு

எம்.சி. ரோட்டில், குளிருக்காகச் சட்டைக்கு உள்ளே போடும் தெர்மல் 2 செட் வாங்கிக்கொண்டு விமானம் ஏறினேன். பனியன் போல மெத்தென்று இருந்தது, அம்மாவுக்கும் பிடித்துப்போனது. முதல் ஜனவரியில் ஒருநாள் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். ஹீட்டர் போட்ட பஸ்ஸுக்குள் நன்றாக வியர்த்தது. இறங்கி நின்ற கொஞ்ச நேரத்தில் முதுகில் ஈரத்துண்டு ஒட்டியதுபோல் நடுக்கம். ஜாக்கெட்டைத்தான் திட்டினேன். குற்றவாளி உள்ளே இருந்த பருத்தி.

படி 1: துண்டுச் சீட்டைப் படியுங்கள்

தெர்மலின் உள்தையலில் இருக்கும் சீட்டில் காட்டன் பெரும்பங்கு என்றால் வேண்டாம். நம் வெயிலுக்குப் பருத்தி நல்லதாக இருப்பதற்கு என்ன காரணமோ, அதுவேதான் அங்கே வினை: வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், சீக்கிரம் காயாது, அந்த ஈரம் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். பாலியெஸ்டர் சீக்கிரம் காயும். மெரினோ கம்பளி கொஞ்சம் ஈரமானாலும் சூடு காக்கும், ஆனால் விலை கடிக்கும். என் ஓட்டு: பாலியெஸ்டர் 2 செட். தோலோடு ஒட்டினாற்போல் இருக்கவேண்டும், தொளதொளவென்றால் பயனில்லை.

படி 2: நடுவில் ஜிப் வைத்த ஃப்ளீஸ்

தெர்மலுக்கு மேலே, ஜாக்கெட்டுக்கு உள்ளே போடும் மெத்தென்ற மேலாடைதான் ஃப்ளீஸ். தலைவழியாகப் போடும் ஸ்வெட்டர் எனக்குப் பிடிக்காது. வகுப்பறைக்குள் ஹீட்டர் ஓடும். சட்டென்று கழற்ற ஜிப்தான் வசதி.

படி 3: ஜாக்கெட்

ஆகஸ்ட் கடைசியில் போகிறவர்கள் இதை அங்கே போய் வாங்குங்கள். ஜனவரியில் இறங்குகிறவர்கள் மட்டும் இங்கேயே வாங்கிக் கையில் வைத்திருங்கள். எங்கே வாங்கினாலும் டி-ஷர்ட் மேல் போட்டு அளவு பார்க்காதீர்கள். சென்னை வியர்வையில் எரிச்சலாகத்தான் இருக்கும். இருந்தாலும் தெர்மல், ஃப்ளீஸ் இரண்டையும் போட்டு, அதன்மேல் ஜாக்கெட்டை மாட்டி ஜிப்பை மேல்வரை இழுங்கள். இரண்டு கையையும் தூக்குங்கள். இடுப்பு வெளியே தெரிந்தால் நீளம் போதாது. கைகளை மார்போடு கட்டும்போது முதுகு இறுக்கினால் அடுத்த சைஸ். ரொம்ப இறுக்கமானால் உள்ளே அடைத்திருப்பது நசுங்கிவிடும். சூட்டைப் பிடித்துவைக்கும் காற்று அதில் தங்காது.

உள்ளே வாத்து இறகா, செயற்கைப் பஞ்சா? இறகு லேசானது, நல்ல சூடு. ஆனால் நனைந்தால் ஒடுங்கிவிடும். மழையும் ஈரப்பனியும் மாறிமாறி வரும் ஊருக்குச் செயற்கைப் பஞ்சுதான் என் தேர்வு. தொப்பியும், மணிக்கட்டில் இறுக்கும் பட்டையும் கட்டாயம். காற்று நுழைவது அங்கேதான்.

பின்சேர்க்கை: பாலியெஸ்டர் வாங்கியும் முதுகு ஈரமாகிறது என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். விசாரித்ததில், ஒவ்வொரு முறையும் வாசனைக்காகத் துணி கண்டிஷனர் ஊற்றியிருக்கிறார். அது இழைமேல் படிந்து, வியர்வை வெளியே கடத்தப்படுவதைக் குறைத்துவிடும். சோப்பு மட்டும் போட்டு அலசி, கொடியில் உலர்த்துங்கள். மெரினோவைச் சூடான டிரையரில் போட்டால் தம்பிக்குத்தான் சேரும்.