போட்டோவில் வந்த கணக்கு: லெக்ராஞ்ச் பெருக்கி

புத்தகப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினால் முதலில் அடிபடுவது அடுக்குகள்தான். `x²` மங்கினால் வெறும் `x` ஆகிவிடும். கையெழுத்தில் பெருக்கியைக் குறிக்கும் λ-வும் x-ஐப் போலவே தெரியும். அதனால் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு தொடங்குங்கள்:

```
f = x² + 2y²
g = x² + y² = 1
```

அதாவது, வட்டத்தின் மேல் மட்டும் நடந்தால் f-இன் பெருமம், சிறுமம் எவ்வளவு? போட்டோவில் இருப்பது `=` தானா, `≤` இல்லையே என்று பெரிதாக்கிப் பாருங்கள். `≤` என்றால் வட்டத்தின் உட்பகுதியும் சேரும். அப்போது சிறுமம் (0,0)-இல் 0.

முதலில் படம். `x² + 2y² = c` என்பது ஒரு நீள்வட்டம். c கூடக் கூட அது விரியும். c = 1.5 ஆகும்போது வட்டத்தை நான்கு இடங்களில் வெட்டும். அதில் ஒன்று (0.707, 0.707). வெட்டுகிறது என்றால், அங்கிருந்து வட்டத்தின் மேலேயே நகர்ந்து இன்னும் பெரிய c உள்ள நீள்வட்டத்துக்குப் போக முடியும். எனவே அது பெருமம் இல்லை. எதிர்ப்பக்கம் நகர்ந்தால் f குறைவதால் சிறுமமும் இல்லை. வெட்டாமல் தொட்டு நிற்கும் இடத்தில்தான் பெருமமோ சிறுமமோ வரும். தொடும் இடத்தில் இரண்டு வளைவுக்கும் தொடுகோடு ஒன்றே. கிரேடியன்ட் அதற்குச் செங்குத்து என்பதால் இரண்டு கிரேடியன்ட்களும் ஒரே கோட்டில் விழும், அதாவது ஒன்று மற்றதன் λ மடங்கு:

```
∇f = λ∇g
2x = 2λx
4y = 2λy
x² + y² = 1
```

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். முதல் சமன்பாட்டை x-ஆல் வகுத்து λ = 1 என்று எழுதினால், இரண்டாவது y = 0 தரும்; x = ±1, f = 1. கணக்கு முடிந்த மாதிரியே இருக்கும், ஆனால் பெருமம் தொலைந்துவிட்டது. வகுக்காமல் `2x(1 − λ) = 0` என்று எழுதுங்கள். இப்போது x = 0 என்ற வழியும் கண்ணில் படும். அதில் y = ±1, λ = 2, f = 2.

ஆக (0, ±1)-இல் பெருமம் 2, (±1, 0)-இல் சிறுமம் 1. படத்தோடு ஒப்பிடுங்கள்: c = 1 நீள்வட்டம் வட்டத்துக்கு உள்ளேயிருந்து இடமும் வலமும் தொடும்; c = 2 வெளியிலிருந்து மேலும் கீழும் தொடும். இந்தப் படத்தை நீங்களே வரைவது நல்லது. புத்தகத்தின் நடுமடிப்புக்கு அருகே எடுத்த போட்டோவில் வட்டமே நெளிந்திருக்கும். தொடுகிறதா வெட்டுகிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது.

λ-வைக் கண்டுபிடித்ததும் தூக்கி எறிய வேண்டாம். நிபந்தனையின் 1-ஐ 1.1 ஆக்கினால் பெருமம் 2.2 ஆகும். 0.1 கூட்டியதற்கு 0.2 உயர்வு, அந்த 2 மடங்குதான் பெருமத்தில் கிடைத்த λ.