கடை க்யூஆர் கோடுக்குள் என்ன இருக்கிறது?

யுபிஐ கோடுக்குள் பணமும் இல்லை, கணக்கு எண்ணும் பெரும்பாலும் இல்லை. இப்படி ஒரு வரிதான்:

```
upi://pay?pa=kadai@bank&pn=Murugan&am=50&cu=INR
```

`pa` பணம் போய்ச் சேரும் யுபிஐ ஐடி, `am` தொகை. கடை ஸ்டிக்கரில் வழக்கமாக `am` இருக்காது. அதனால்தான் தொகையை நாமே அடிக்கிறோம். `pn` கோடு தயாரித்தவர் தட்டிய பெயர், எதையும் போடலாம். ஆகவே ஸ்டிக்கரில் அச்சான பெயரை நம்பாமல், ஸ்கேன் செய்தபின் ஆப் காட்டும் வங்கிப் பதிவுப் பெயரைக் கடைக்காரரிடம் கேட்டுச் சரிபாருங்கள். ஒட்டியதன் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டும் மோசடி அங்கேதான் பிடிபடும்.

கேமரா முதலில் தேடுவது மூன்று மூலைச் சதுரங்களை. அவற்றை வைத்துச் சாய்வைச் சரிசெய்து, கறுப்பு வெள்ளைக் கட்டங்களை 1, 0 என்று படிக்கிறது. நடுவில் கொஞ்சம் கீறல் விழுந்தாலும் பிழைதிருத்தத் தகவல் ஈடுகட்டிவிடும். மூலைச் சதுரத்தில் லேமினேஷன் பளபளத்தால்தான் தகராறு. போனைச் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள்.