சிறு கருத்தாய்வுக்குக் கருதுகோளும் இன்மைக் கருதுகோளும் எழுதும் முறை

ஒரு பெரிய குடியிருப்பில் நான் நடத்திய முதல் கருத்தாய்வில், வினாத்தாள்கள் அனைத்தும் நிரம்பிக் கைக்கு வந்த பிறகுதான், என் கருதுகோளைச் சரி என்றோ தவறு என்றோ சொல்ல அவற்றில் எதுவுமே உதவாது என்பது தெரிந்தது. நான் எழுதியிருந்த வாக்கியம் இது: "வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்குப் பொது அக்கறை குறைவு." அதே ஆய்வை மறுபடி தொடங்கிச் செய்து முடித்த முறையைக் கீழே தருகிறேன். வினாநிரல் தயாரிப்பது எப்படி, மாதிரி எடுப்பது எப்படி என்பவற்றை இங்கே விளக்கவில்லை.

படி 1: எண்ணக்கூடிய சொற்களுக்கு மாறுங்கள்

"பொது அக்கறை" என்பதை யாரும் எண்ணிக் காட்ட முடியாது. அக்கறை இருப்பவர் என்ன செய்வார் என்று கேட்டுக்கொண்டே போனபோது, "குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு வருவார்" என்ற ஒரு செயல் கிடைத்தது. அதற்கும் கால எல்லை வேண்டும். "கூட்டத்துக்கு வருவீர்களா?" என்று கேட்டால், எப்போதோ ஒருமுறை வந்தவரும் ஆம் என்பார், வர நினைத்திருப்பவரும் ஆம் என்பார். ஆகவே "கடந்த 12 மாதங்களில் ஒரு கூட்டத்திலாவது கலந்துகொண்டீர்களா?" என்று கேள்வியை மாற்றினேன். இப்போது இரண்டு மாறிகள் இருக்கின்றன: வீடு சொந்தமா வாடகையா என்பது ஒன்று, கூட்டத்தில் கலந்துகொண்டாரா இல்லையா என்பது மற்றொன்று.

இதில் ஓர் இழப்பும் உண்டு. கூட்டத்துக்கு வராத ஒருவர் வேறு வழியில் மிகுந்த அக்கறை காட்டக்கூடும். ஆகவே முடிவு எதுவானாலும் அதைக் கூட்டத்தில் கலந்துகொள்வது பற்றிய முடிவாக மட்டுமே எழுத வேண்டும். அக்கறை என்ற சொல்லை அறிக்கையில் திரும்பக் கொண்டுவரக் கூடாது.

படி 2: வெற்று அட்டவணையை வரையுங்கள்

இதற்கு எந்த மென்பொருளும் வேண்டாம். தாளும் பென்சிலும் போதும் என்பது என் உறுதியான கருத்து. இரண்டு வரிசை (சொந்தம், வாடகை), இரண்டு பத்தி (கலந்துகொண்டார், இல்லை) கொண்ட நான்கு கட்டங்களை வரைந்து, ஒவ்வொரு வினாத்தாளும் ஐயமின்றி ஏதேனும் ஒரு கட்டத்தில் விழுமா என்று பாருங்கள். அப்படி விழாவிட்டால், கருதுகோள் இன்னும் சோதிக்கும் நிலைக்கு வரவில்லை. பெற்றோருக்குச் சொந்தமான வீட்டில் வாடகை தராமல் இருப்பவரை எந்த வரிசையில் சேர்ப்பது என்ற கேள்வி எனக்கு இந்த அட்டவணையை வரைந்தபோதுதான் எழுந்தது. வாடகை செலுத்தாதவர் அனைவரும் "சொந்தம்" என்று கள வேலை தொடங்கும் முன்பே விதி எழுதிவைத்தேன்.

படி 3: இன்மைக் கருதுகோளை எழுதுங்கள்

என்னை நீண்ட நேரம் தடுமாற வைத்தது இந்தப் படிதான். சில பாடநூல்களில் இதைச் சூனியக் கருதுகோள் என்றும் காண்பீர்கள், குறியீடு H0. என் கருதுகோளுக்கு எதிரானதை எழுத வேண்டும் என்று எண்ணி, "வாடகைதாரர்களே கூட்டங்களில் அதிகம் கலந்துகொள்கின்றனர்" என்று முதலில் எழுதினேன். அது தவறு. இன்மை என்பது வேறுபாட்டின் இன்மை. "குறைவு" என்பதற்கு "அதிகம்" என்பது இன்மைக் கருதுகோள் ஆகாது.

காரணம் கணக்கில் இருக்கிறது. சோதனை தொடங்க வேண்டுமானால், எந்தத் தொடர்பும் இல்லாவிட்டால் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எதிர்பார்க்கலாம் என்பதற்கு ஓர் எண் வேண்டும். "வேறுபாடு இல்லை" என்ற கூற்று அந்த எண்ணைத் தருகிறது. "அதிகம்" என்ற கூற்று, எவ்வளவு அதிகம் என்று சொல்லாததால், எதையும் தருவதில்லை. நான் இறுதியாக எழுதியவை இவை, இதில் H1 என்பது H0-ஐ நிராகரித்தால் ஏற்கும் மாற்றுக் கருதுகோள்:

H0: இக்குடியிருப்பில், கடந்த 12 மாதங்களில் ஒரு சங்கக் கூட்டத்திலாவது கலந்துகொண்டவர்களின் விகிதம் சொந்த வீட்டினரிடமும் வாடகைதாரர்களிடமும் ஒன்றே.

H1: அவ்விரு விகிதங்களும் வேறுபடுகின்றன.

இரண்டும் குடியிருப்பு முழுவதையும் பற்றிப் பேசுகின்றன என்பதைக் கவனியுங்கள். "நாம் கேட்ட 80 பேரிடம் வேறுபாடு இல்லை" என்று எழுதினால், அதைச் சோதிக்க வேண்டிய தேவையே இல்லை. எண்ணிப் பார்த்தாலே தெரிந்துவிடும். H1-இல் "குறைவு" என்று திசை குறிப்பிடுவதும் உண்டு. ஆனால் அதைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். H0 உண்மையாக இருந்தும் அதைத் தவறாக நிராகரிக்க எவ்வளவு வாய்ப்பை ஏற்கிறோம் என்ற முக்கியத்துவ மட்டத்தையும் (நான் வழக்கமான 0.05-ஐ எடுத்துக்கொண்டேன்) அதே தாளில் தேதியோடு எழுதிவையுங்கள்.

படி 4: சோதித்துப் பாருங்கள்

இரு பிரிவுகளிலும் சீட்டுக் குலுக்கித் தலா 40 பேரைத் தேர்ந்தெடுத்தேன். சொந்த வீட்டினரில் 22 பேரும், வாடகைதாரர்களில் 12 பேரும் கலந்துகொண்டிருந்தனர். மொத்தம் 80 பேரில் 34 பேர். தொடர்பே இல்லையென்றால் ஒவ்வொரு பிரிவிலும் 17 பேர் கலந்துகொண்டும், 23 பேர் கலந்துகொள்ளாமலும் இருந்திருக்க வேண்டும். இவையே எதிர்பார்ப்பு எண்கள்.

நான்கு கட்டங்களிலும் வேறுபாடு 5. அதன் வர்க்கமான 25-ஐ அந்தந்தக் கட்டத்தின் எதிர்பார்ப்பு எண்ணால் வகுத்து நான்கையும் கூட்டினால், கை-வர்க்க மதிப்பு சுமார் 5.12 வருகிறது. இத்தகைய நான்கு கட்ட அட்டவணைக்கு 0.05 மட்டத்தில் எல்லை 3.84. மதிப்பு எல்லையைத் தாண்டுவதால் H0 நிராகரிக்கப்படுகிறது. சிறப்பு மென்பொருள்களைவிட விரிதாளையே நான் விரும்புகிறேன். எதிர்பார்ப்பு எண்களை நாமே நிரப்ப வேண்டியிருப்பதால் H0-இன் பொருள் கண்முன் நிற்கிறது. கிடைத்த எண்கள் B2:C3-இலும் எதிர்பார்ப்பு எண்கள் B6:C7-இலும் இருந்தால்:

```
=CHISQ.TEST(B2:C3, B6:C7)
```

இது சுமார் 0.024 என்ற பி-மதிப்பைத் தரும். H0 உண்மையாக இருந்தால் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு தற்செயலாக வருவதற்கான வாய்ப்பே பி-மதிப்பு, இங்கே அது 0.05-ஐவிடக் குறைவு. ஏதேனும் ஒரு கட்டத்தின் எதிர்பார்ப்பு எண் 5-க்குக் கீழே போனால் இந்தச் சோதனையை நம்பாமல், ஃபிஷரின் துல்லியச் சோதனைக்கு மாறுங்கள்.

படி 5: முடிவின் சொற்கள்

இதே ஆய்வைத் தலா 15 பேரோடு நடத்தி, 8 பேரும் 5 பேரும் கலந்துகொண்டதாக வந்திருந்தால், கை-வர்க்க மதிப்பு 1.22 மட்டுமே, H0-ஐ நிராகரிக்க முடியாது. அப்போது "இரு பிரிவினரும் சமம் என நிரூபணமானது" என்று எழுதக் கூடாது. 53 சதவீதத்துக்கும் 33 சதவீதத்துக்கும் இடையிலான இடைவெளி அங்கே இருக்கத்தான் செய்கிறது. அது தற்செயலா இல்லையா என்று பிரித்துச் சொல்ல 30 பேர் போதவில்லை. "H0-ஐ நிராகரிக்கப் போதிய சான்று கிடைக்கவில்லை" என்பதே சரியான வாக்கியம். நிராகரித்தாலும், வாடகைக்கு இருப்பதுதான் வராமைக்குக் காரணம் என்று ஆகிவிடாது. குடிவந்து சில மாதங்களே ஆகியிருப்பதும் காரணமாக இருக்கலாம்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், ஒரே வீட்டில் கணவன், மனைவி இருவரிடமும் வினாத்தாள் வாங்கியிருப்பதாகவும், இருவரையும் தனித்தனியே எண்ணலாமா என்றும் கேட்டிருந்தார். எண்ணக் கூடாது. ஒருவர் கூட்டத்துக்குப் போனால் மற்றவரும் உடன் போக வாய்ப்பு அதிகம். கை-வர்க்கச் சோதனையோ ஒவ்வொரு விடையும் பிறிதொன்றைச் சாராதது என்று கொண்டே கணக்கிடுகிறது. அவர் வீட்டுக்கு ஒரு தாளைச் சீட்டுக் குலுக்கி வைத்துக்கொண்டு, H0-இல் "கடந்த 12 மாதங்களில்" என்ற சொற்களுக்கு முன்னால் "வீட்டுக்கு ஒருவராகத் தேர்ந்தெடுத்த பெரியவர்களில்" என்று சேர்த்துக்கொண்டால் போதும்.