மைட்டாசிஸ், மியாசிஸ், குறுக்கேற்றம்: இரண்டு பேனாவை வைத்து வரைந்தே படித்துவிடலாம்

மைட்டாசிஸுக்கும் மியாசிஸுக்கும் உள்ள வேறுபாடுகளை அட்டவணையாக மனப்பாடம் செய்திருப்பீர்கள். ஆனால் தேர்வில் ஒரு செல்லின் படத்தைக் கொடுத்து "இது எந்த நிலை, இதில் எத்தனை குரோமோசோம்கள்" என்று கேட்டால் அந்த அட்டவணை பெரிதாக உதவாது. "குறுக்கேற்றத்தால் ஏன் வேறுபாடு உண்டாகிறது" என்பதற்கும் "மரபணுக்கள் பரிமாறிக்கொள்வதால்" என்ற ஒரு வரிக்கு மேல் எழுத வராது. ஒரே ஒரு செல்லை எடுத்து, அதை இரண்டு வழியிலும் பிரித்து வரைந்து பார்த்தால் இரண்டுமே தெளிவாகிவிடும். ஒரு தாள், ஒரு நீலப் பேனா, ஒரு சிவப்புப் பேனா போதும்.

படி 1: செல்லை வரைந்துகொள்ளுங்கள்

நம் செல்லில் 2n = 4. அதாவது ஒரு நீளமான ஜோடி, ஒரு குட்டையான ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தாயிடமிருந்து வந்தது, அதை நீலத்தில் வரையுங்கள். மற்றது தந்தையிடமிருந்து வந்தது, அது சிவப்பு. நீள நீலத்தில் சென்ட்ரோமியருக்குப் பக்கத்தில் A என்றும் நுனியில் B என்றும் குறியுங்கள். நீளச் சிவப்பில் அதே இடங்களில் a, b. குட்டை நீலத்தில் D, குட்டைச் சிவப்பில் d. இதுபோல ஒரே நீளமும் ஒரே வரிசையில் ஒரே மரபணுக்களும் கொண்ட ஜோடியைத்தான் ஒத்திசைவு குரோமோசோம்கள் என்கிறோம். மரபணுக்கள் ஒன்றுதான், ஆனால் அவற்றின் அல்லீல்கள் வேறாக இருக்கலாம். A-யும் a-யும் அப்படித்தான்.

படி 2: டி.என்.ஏ. இரட்டிப்பாதல்

செல் பிரிவதற்கு முன் இடைக்கால நிலையில் டி.என்.ஏ. இரட்டிப்பாகிறது. மைட்டாசிஸோ மியாசிஸோ, இந்தப் படி இரண்டுக்கும் பொது. ஒவ்வொரு குரோமோசோமுக்கும் பக்கத்தில் அதே நிறத்தில், அதே எழுத்துகளோடு ஒரு நகலை வரைந்து, இரண்டையும் சென்ட்ரோமியரில் சேர்த்துவிடுங்கள். இந்த இரண்டும் சகோதரி குரோமாட்டிடுகள்.

இப்போது எத்தனை குரோமோசோம்? நிறைய பேர் 8 என்று எழுதுவார்கள். 4 தான். குரோமோசோம்களை எண்ணும்போது சென்ட்ரோமியர்களை எண்ணுங்கள், அவ்வளவுதான். குரோமாட்டிடுகள் 8, குரோமோசோம்கள் 4. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் படம் பார்த்து எண்ணும் கேள்விகளில் தப்பு வராது.

படி 3: முதலில் மைட்டாசிஸ்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மெட்டாஃபேஸில் நான்கு குரோமோசோம்களும் செல்லின் நடுவே ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கின்றன. நீள நீலத்துக்கும் நீளச் சிவப்புக்கும் இங்கே எந்தத் தொடர்பும் கிடையாது, பக்கத்தில் நிற்க வேண்டிய அவசியமும் இல்லை. அனாஃபேஸில் சென்ட்ரோமியர்கள் பிரிந்து, சகோதரி குரோமாட்டிடுகள் எதிரெதிர் துருவத்துக்குப் போகின்றன. ஒவ்வொரு சேய் செல்லுக்கும் நீள நீலம், நீளச் சிவப்பு, குட்டை நீலம், குட்டைச் சிவப்பு என நான்கும் கிடைக்கின்றன. AaBbDd-யாக இருந்த செல் இரண்டு AaBbDd செல்களாகிறது. நகலெடுத்ததைப் பிரித்துக் கொடுத்ததோடு வேலை முடிந்தது. வேறுபாடு நுழைய வழியே இல்லை.

படி 4: மியாசிஸ் I, இங்கேதான் நிறுத்தி நிதானமாக வரைய வேண்டும்

படி 2-இல் வரைந்த செல்லுக்குத் திரும்புங்கள். மியாசிஸின் முதல் புரோஃபேஸில், மைட்டாசிஸில் நடக்காத ஒன்று நடக்கிறது: ஒத்திசைவு குரோமோசோம்கள் ஒன்றையொன்று தேடி வந்து, நீளவாக்கில் ஒட்டி ஜோடி சேர்கின்றன. நீள ஜோடியில் இப்போது நான்கு குரோமாட்டிடுகள் அருகருகே கிடக்கும். அவற்றுக்கு 1, 2 (நீலம்), 3, 4 (சிவப்பு) என்று எண் போடுங்கள்.

பாக்கிட்டீன் என்ற உள்நிலையில் 2-உம் 3-உம், அதாவது சகோதரி அல்லாத இரண்டு குரோமாட்டிடுகள், ஒரே உயரத்தில் வெட்டுப்பட்டு, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. இதுதான் குறுக்கேற்றம். நம் படத்தில் வெட்டு A-க்கும் B-க்கும் நடுவே விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். குரோமாட்டிட் 2-இன் நுனியை அடித்துவிட்டுச் சிவப்பில் வரையுங்கள், 3-இன் நுனியை நீலத்தில் வரையுங்கள். எழுத்துகளைப் படித்தால்:

1: AB
2: Ab
3: aB
4: ab

1-உம் 4-உம் பழையபடியே இருக்கின்றன. 2-உம் 3-உம் இதற்கு முன் தாயிடமும் தந்தையிடமும் இல்லாத சேர்க்கைகள். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள், A, a, B, b தவிர புதிய எழுத்து எதுவும் இங்கே முளைக்கவில்லை. புதிய அல்லீலை உண்டாக்குவது சடுதிமாற்றத்தின் வேலை. குறுக்கேற்றம் இருக்கிற அல்லீல்களைப் புதிய விதமாகச் சேர்க்கிறது. "குறுக்கேற்றம் புதிய மரபணுக்களை உருவாக்குகிறது" என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

அடுத்து டிப்ளோட்டீனில் ஜோடிகள் விலகத் தொடங்கும்போது, துண்டு மாறிய இடத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு X மாதிரி தெரியும். அதற்குப் பெயர் கயாஸ்மா. பலர் குறுக்கேற்றத்தையும் கயாஸ்மாவையும் ஒன்றாக எழுதிவிடுகிறார்கள்: குறுக்கேற்றம் என்பது நிகழ்வு, கயாஸ்மா அது நடந்ததற்குப் பின்னால் நுண்ணோக்கியில் தெரியும் அடையாளம். இந்தக் கயாஸ்மாவுக்கு இன்னொரு வேலையும் உண்டு, ஜோடி சரியாகப் பிரியும் நேரம் வரும்வரை இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது. அது இல்லாமல் போனால் ஜோடி தாறுமாறாகப் பிரிந்து, ஒரு கேமீட்டில் ஒரு குரோமோசோம் கூடுதலாகவும் இன்னொன்றில் குறைவாகவும் போய்ச் சேர வாய்ப்பு அதிகம்.

மெட்டாஃபேஸ் I-இல் நான்கும் ஒற்றை வரிசையில் நிற்பதில்லை, இரண்டு ஜோடிகளாக நிற்கின்றன. படத்தைப் பார்த்து மைட்டாசிஸா மியாசிஸ் I-ஆ என்று சொல்ல இதைவிட எளிய வழி கிடையாது. அனாஃபேஸ் I-இல் சென்ட்ரோமியர் பிரியாது. ஒரு துருவத்துக்கு நீலச் சென்ட்ரோமியர் உள்ள முழுக் குரோமோசோம், மறுதுருவத்துக்குச் சிவப்புச் சென்ட்ரோமியர் உள்ளது. குட்டை ஜோடியும் தன் பங்குக்குப் பிரியும், எந்தப் பக்கம் எது போகும் என்பது நீள ஜோடியைப் பொறுத்ததில்லை. நம் படத்தில் குட்டை நீலமும் நீள நீலத்தோடு போனதாக வையுங்கள். இப்போது ஒவ்வொரு செல்லிலும் 2 குரோமோசோம்கள், 4 குரோமாட்டிடுகள். எண்ணிக்கை பாதியானது இந்த இடத்தில்தான், மியாசிஸ் II-இல் இல்லை.

படி 5: மியாசிஸ் II

இடையில் டி.என்.ஏ. மறுபடி இரட்டிப்பாகாது. மற்றபடி பார்ப்பதற்கு மைட்டாசிஸ் போலவே இருக்கும்: ஒற்றை வரிசை, சென்ட்ரோமியர் பிரிவு, குரோமாட்டிடுகள் விலகல். ஆனால் பிரிகிற குரோமாட்டிடுகள் இப்போது ஒரே மாதிரி இல்லை. நீலக் குரோமோசோமில் ஒரு குரோமாட்டிட் AB, மற்றது Ab. அதனால் ஒரு செல்லிலிருந்து ABD, AbD கிடைக்கும், மற்றதிலிருந்து aBd, abd. ஒரே செல், நான்கு கேமீட்கள், நான்கும் வெவ்வேறு.

குறுக்கேற்றம் நடக்காமல் இருந்திருந்தால்? அதையும் பக்கத்தில் வரைந்து பாருங்கள். ABD, ABD, abd, abd என்று இரண்டே வகை. குட்டை ஜோடி வேறு செல்லில் மாறிப் பிரிந்தால் ABd, abD வரும், ஆக எத்தனை செல்கள் பிரிந்தாலும் மொத்தம் 4 வகை. A இருக்கும் இடத்தில் எப்போதும் B-யும் கூடவே இருக்கும், அவற்றைப் பிரிக்க வழியில்லை. குறுக்கேற்றமும் சேர்ந்தால் 8 வகையும் சாத்தியமாகிறது. மனிதரில் 23 ஜோடிகள் தனித்தனியே பிரிவதாலேயே 2²³, அதாவது 83,88,608 விதமான சேர்க்கைகள் வரலாம். குறுக்கேற்றம் அந்த எண்ணுக்குள் வரவே இல்லை. அது ஒவ்வொரு குரோமோசோமின் உள்ளேயே கலைத்துப் போடுவதால் கணக்கு இன்னும் பல மடங்கு போகும். இரண்டும் வேறு வேறு காரணங்கள் என்பதால் விடையில் தனித்தனியாக எழுதுங்கள். ஆண் பழப்பூச்சியில், அதாவது டிரோசோஃபிலாவில், மியாசிஸ் நடக்கிறது, ஜோடிகளும் தனித்தனியாகப் பிரிகின்றன, ஆனால் குறுக்கேற்றம் நடப்பதில்லை. இரண்டும் ஒன்றில்லை என்பதற்கு அதுவே நல்ல உதாரணம்.

எல்லாக் குறுக்கேற்றமும் வேறுபாடு தராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு குரோமோசோம்களிலும் AB-யே இருந்தால், நுனி மாறினாலும் கிடைப்பது AB தான். வெட்டு A-க்கும் B-க்கும் நடுவே விழாமல் B-யையும் தாண்டி விழுந்தாலும் இந்த இரண்டு மரபணுக்களின் சேர்க்கை மாறாது. சகோதரி குரோமாட்டிடுகளுக்குள்ளேயே துண்டு மாறினாலும் பயனில்லை, இரண்டும் நகல்கள்தானே.

படி 6: ஒரு கணக்கு

100 செல்கள் மியாசிஸில் நுழைகின்றன. அவற்றில் 20 செல்களில் மட்டும் A-க்கும் B-க்கும் இடையே ஒரு குறுக்கேற்றம் நடக்கிறது. புதிய சேர்க்கை கொண்ட கேமீட்கள் எத்தனை சதவீதம்?

அவசரத்தில் 20% என்று எழுதத் தோன்றும். மேலே வரைந்த படத்தைப் பாருங்கள், குறுக்கேற்றம் நடந்த செல்லிலும் நான்கில் இரண்டு மட்டுமே புதியவை, 1-உம் 4-உம் பழையபடியேதான். 100 செல்களிலிருந்து 400 கேமீட்கள். 20 செல்கள் தலா 2 புதியவை தருவதால் 40. 40/400 = 10%. அந்தப் பத்தில் Ab 5%, aB 5%. மிச்சமிருக்கும் 90%-இல் AB 45%, ab 45%. இதே காரணத்தால், 100 செல்களிலும் இப்படி ஒரு குறுக்கேற்றம் நடந்தாலும் விடை 50% தான்.

இதே கேள்வியைத் திருப்பிப் போட்டும் கேட்பார்கள்: "ஒரு உயிரியின் கேமீட்களில் Ab 6%, aB 6% உள்ளன. எத்தனை சதவீத செல்களில் A, B இடையே ஒற்றைக் குறுக்கேற்றம் நடந்திருக்கும்?" புதியவை மொத்தம் 12%. குறுக்கேற்றம் நடந்த செல்லில் பாதிதான் புதியவை, ஆகவே 24% செல்கள்.