ஒரு மாடி வீட்டில் எரிந்த சோலார் கனெக்டரை மாற்றுவது: ஏறும் முன் செய்ய வேண்டியவை

தரையிலிருந்து 3.2 மீட்டர் உயரம், கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடி, சீரிஸில் இணைத்த 6 பேனல்கள். இரண்டு பேனல்களுக்கு நடுவே கம்பிகளை இணைக்கும் ஒரு எம்சி4 கனெக்டர் உருகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் கயிறு. இடுப்பு பெல்ட் வேண்டாம், ஃபுல் பாடி ஹார்னஸ்தான். ஆனால் அதோடு வரும் 1.8 மீட்டர் இணைப்புக் கயிறான லேன்யார்டை மட்டும் நம்பி ஓரத்தில் நிற்காதீர்கள். கால்மட்டத்தில் கட்டிய கயிற்றோடு விழுந்தால் 1.8 மீட்டர் போகும், அதிர்வு தாங்கி பிரிந்து இன்னும் 1 மீட்டருக்கு மேல் நீளும், முதுகு வளையத்துக்குக் கீழே உங்கள் உடம்பு ஒரு 1.5 மீட்டர். கூட்டினால் 4.3. வீடே 3.2தான்! கயிறு இழுத்துப் பிடிக்கும் முன்பே தரை வந்துவிடும்.

அதனால் ஓரத்தை எட்டவே முடியாதபடி கயிற்றைச் சுருக்க வேண்டும். கட்டும் இடத்திலிருந்து மிக அருகிலுள்ள ஓரம் 4 மீட்டர் என்றால் கயிறு 3 மீட்டருக்கு மேல் வேண்டாம். கான்கிரீட் தூணில் கட்டுங்கள். பேனல் தாங்கும் சட்டத்திலோ தண்ணீர்க் குழாயிலோ கட்டக் கூடாது.

அடுத்து மின்சாரம். இன்வெர்ட்டரின் ஏசி பிரேக்கரை அணையுங்கள், அப்புறம் பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே இருக்கும் சுவிட்சான டிசி ஐசோலேட்டர். இதோடு எல்லாம் செத்துவிட்டது என்று நினைப்பதுதான் ஆபத்து. வெளிச்சம் இருக்கும்வரை பேனல் பக்கக் கம்பிகளில் வோல்டேஜ் இருக்கும். ஒரு பேனலுக்கு 49 வோல்ட் என்றால் ஆறுக்கும் சுமார் 294. காலை இளவெயிலிலும் இது பெரிதாகக் குறையாது.

ஐசோலேட்டரை அணைத்தால் நிற்பது கரண்ட் மட்டும். நின்றதா என்று, கம்பியைச் சுற்றிப் பிடித்து அளக்கும் கிளாம்ப் மீட்டரில் பாருங்கள். டிசி அளக்கும் மீட்டராக இருக்க வேண்டும். ஏசி மட்டும் அளப்பது எப்போதும் பூஜ்யம் காட்டி ஏமாற்றிவிடும். கரண்ட் ஓடும்போது கனெக்டரைக் கழற்றினால் தீப்பொறி வில்லாக நின்று எரியும், ஏசி போலத் தானாக அணையாது. அணைத்த பிறகும் கரண்ட் காட்டினால் எங்கோ கம்பி கசியலாம் அல்லது ஐசோலேட்டர் பழுதாகியிருக்கலாம், கை வைக்காமல் இறங்கிவிடுங்கள். பூஜ்யம் வந்தால் இன்சுலேட்டட் கையுறையோடு கழற்றி, இரு முனைகளையும் உடனே தனித்தனியாக மூடுங்கள்.

கடைசியாக வெயில். அதை ஏன் தவிர்க்க வேண்டும்? வேர்வையில் நனைந்த தோல் மின்சாரத்தை எளிதாகக் கடத்தும், நனைந்த கையுறையும் நம்பத்தக்கதல்ல. ஏப்ரல், மே மாதங்களில் காலை 6 முதல் 10 வரை, இல்லாவிட்டால் மாலை 4க்குப் பிறகு. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடியுங்கள். கூட இருப்பவர் தலைவலி, கெண்டைக்கால் பிடிப்பு என்றால் நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள், தனியாக ஏணியில் இறங்க விடாதீர்கள். பேச்சு குழறினால் உடம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.