ரெஸ்யூமே சுருக்கத்தில் வேலை இடைவெளியை எழுதும் முறை

இடைவெளியைச் சுருக்கத்தின் கடைசிப் பகுதியில், ஆண்டோடு, ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். அதற்கு முன்னால் உங்கள் வேலைத்திறன் வரட்டும். ஒரு கணக்காளர் இப்படி எழுதலாம்:

“ஆறு ஆண்டு அனுபவமுள்ள கணக்காளர். ஜிஎஸ்டி ரிட்டர்ன், வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு நன்றாகத் தெரியும். 2019 முதல் 2023 வரை குழந்தை வளர்ப்புக்காக விலகியிருந்தேன். இப்போது டேலி பிரைம் பயிற்சி முடித்து முழுநேர வேலைக்குத் தயார்.”

ஆட்களைத் தேர்ந்தெடுப்பவர் தேதிகளை எப்படியும் பார்ப்பார். காரணம் அங்கேயே இருந்தால் தானாக எதையும் ஊகிக்க மாட்டார். பழைய வேலையின் தேதியை இழுத்து எழுதினால் பி.எஃப். பதிவிலேயே மாட்டிக்கொள்ளும். “துரதிர்ஷ்டவசமாக” போன்ற சொற்கள் வேண்டாம். உடல்நலக் காரணம் என்றால் நோயின் பெயரும் தேவையில்லை.

அந்த ஆண்டுகளில் வீட்டிலிருந்தே சில கடைகளுக்குக் கணக்கு எழுதியிருந்தால், சரி, அது இடைவெளியே இல்லை. அனுபவப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.